ஜிபிஎல் நிரல் உள்ள கருவியை விற்கும் நிறுவனம் செய்ய வேண்டியவை: ஒரு முழுமையான வழிகாட்டி

2013 ஜூன் மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றம் ஃபான்டெக் என்ற நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொலைக்காட்சியுடன் இணைத்துப் படம் பார்க்க உதவும் மீடியா பிளேயர் ஒன்றை அந்த நிறுவனம் விற்று வந்தது. அதனுள் லினக்ஸ் இருந்தது. லினக்ஸோடு ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளும் இருந்தது. இரண்டும் ஜிபிஎல் பதிப்பு 2 உரிமத்தில் வெளியானவை; பைனரியைத் தருபவர் அதற்குரிய மூலநிரலையும் தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. வழக்குத் தொடுத்த ஹரால்ட் வெல்டே, ஐபிடேபிள்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர்.

ஃபான்டெக் மூலநிரலை மறைத்து வைக்கவில்லை, தன் இணையதளத்தில் வெளியிட்டிருந்தது. ஆனால் வெளியிட்டது கருவியில் ஓடிய ஃபர்ம்வேருக்கு உரிய மூலநிரல் அல்ல. சில பகுதிகள் பழைய பதிப்பு. ஐபிடேபிள்ஸின் மூலநிரலோ அதில் இல்லவே இல்லை. 2012இல் பெர்லினில் தன்னார்வலர்கள் கூடி நடத்திய ஒரு பயிலரங்கில் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தபோதுதான் இது வெளிப்பட்டது. 'சீனாவில் உள்ள எங்கள் சப்ளையர் எல்லாம் முழுமையாக இருக்கிறது என்று உறுதி கொடுத்தார்' என்று நிறுவனம் வாதிட்டது. சப்ளையரின் வாக்கை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது, விற்பவர் தாமே சரிபார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

ஜிபிஎல் போன்ற காப்பிலெஃப்ட் உரிமங்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் 'நம் சொந்த நிரலையும் வெளியிட வேண்டி வருமோ' என்ற அச்சத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அது நியாயமான கேள்விதான், கீழே அதற்கு வருகிறேன். ஆனால் நிறுவனங்கள் நடைமுறையில் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஃபான்டெக் விழுந்த இடத்தில்: வெளியிட்ட மூலநிரலும் விற்ற பைனரியும் பொருந்தாமல் போவதில். எனவே இந்த வழிகாட்டி அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறது. லினக்ஸ் உள்ள ஒரு சிறு கருவியை விற்கும் நிறுவனம், ஒவ்வொரு ஃபர்ம்வேர் வெளியீட்டுக்கும் முழுமையான, பொருந்தும் மூலநிரலை எப்படித் தயாரிப்பது?

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கருவியை வைத்துக்கொள்வோம். விவசாயக் கிணற்று மோட்டார்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கேட்வே. சிப் தயாரித்த நிறுவனம் கொடுத்த எஸ்டிகே அதன் அடித்தளம். யு-பூட் துவக்கி, லினக்ஸ் கெர்னல், பிஸிபாக்ஸ், டிஎன்எஸ்மாஸ்க், சிப் நிறுவனம் தந்த வைஃபை டிரைவர், எல்லாவற்றுக்கும் மேலே நிறுவனமே எழுதிய கண்காணிப்புச் செயலி. இவற்றைச் சேர்த்து ஒரே இமேஜாகக் கட்டுவது பில்ட்ரூட்.

முதல் படி: கடமை எப்போது தொடங்குகிறது என்று அறிவது

ஜிபிஎல் பதிப்பு 2இல் கடமையைத் தூண்டுவது விநியோகம். உங்கள் அலுவலகச் சர்வரில் ஜிபிஎல் நிரலை எப்படி மாற்றி ஓட்டினாலும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. கருவியைப் பெட்டியில் வைத்து ஒருவருக்கு விற்ற கணத்தில் அதனுள் இருக்கும் பைனரியை விநியோகித்தவர் ஆகிறீர்கள். சோதனைக்காக வெளியாரிடம் கொடுத்த கருவிகளும் இந்தக் கணக்கில் வரும். பலர் மறப்பது இணையவழிப் புதுப்பிப்பு: 1.0.0 பதிப்போடு விற்ற கருவிக்கு 1.1.0 பதிப்பை அனுப்பினால், அது தனி விநியோகம். அதற்கு உரிய மூலநிரலும் தனியாக வேண்டும். 1.0.0இன் மூலநிரலைக் காட்டித் தப்ப முடியாது.

ஏஜிபிஎல் பதிப்பு 3 மட்டும் இதில் மாறுபட்டது. அந்த உரிமத்தில் உள்ள நிரலை நீங்கள் மாற்றி, வலைப்பின்னல் வழியாகப் பிறர் பயன்படுத்தவிட்டால், பைனரியை யாருக்கும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பயனர்களுக்கு மூலநிரல் தர வேண்டும். நம் கேட்வேயில் ஏஜிபிஎல் இல்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் படி: சப்ளையரிடம் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்பது

ஹாம்பர்க் தீர்ப்பின் பாடம் இங்கேதான் பயன்படும். எஸ்டிகே வாங்கும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: யு-பூட், கெர்னல், கெர்னல் மாட்யூல்கள் ஆகியவற்றின் முழு மூலநிரல், அவற்றைக் கட்டும் ஸ்கிரிப்டுகளும் கான்ஃபிக் கோப்புகளும், ஒவ்வொரு எஸ்டிகே புதுப்பிப்போடும் இவை திரும்ப வர வேண்டும் என்ற நிபந்தனை.

பணம் கைமாறிய பிறகு கேட்டால் 'அது எங்கள் ரகசியம்' என்றோ, 'ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தருகிறோம்' என்றோ பதில் வரும். இரண்டாவது பதில் முதலாவதைவிட மோசமானது. ஜிபிஎல் நிரலை ரகசியம் காக்கும் நிபந்தனையோடு பெற்றால், நீங்கள் உங்கள் வாடிக்கையாளருக்கு அதைத் தரும்போது ஒப்பந்தத்தை மீறுவீர்கள்; தராவிட்டால் உரிமத்தை மீறுவீர்கள். பெறுபவருக்குக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்க ஜிபிஎல் அனுமதிப்பதில்லை. அப்படிப்பட்ட எஸ்டிகேயை வாங்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

இந்தச் சங்கிலி எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கு லின்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரே சான்று. 2003இல் அதனுள் லினக்ஸ் இருப்பதை லினக்ஸ் நிரலாளர்கள் கண்டுபிடித்து மூலநிரல் கேட்டார்கள். அப்போதுதான் லின்க்ஸிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. சிப் பிராட்காமுடையது; பிழை நுழைந்த இடம் விற்பவருக்குப் பல கண்ணிகள் பின்னால். இருந்தும் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெட்டியில் பெயர் போட்டவர்கள்தான். மூலநிரல் அதே ஆண்டு வெளிவந்தது. ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்ததும் அதிலிருந்துதான். அதன் பிறகும் லின்க்ஸிஸின் பிற கருவிகள் தொடர்பாகப் புகார்கள் தொடர்ந்தன. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. உரிமக் கடமைகளைக் கவனிக்கத் தனி அலுவலர் ஒருவரை நியமிப்பது சமரசத்தின் ஒரு பகுதி.

மூன்றாம் படி: ஃபர்ம்வேரைப் பிரித்துப் பட்டியல் எடுப்பது

பட்டியலை எஸ்டிகே ஆவணத்திலிருந்து எடுக்காதீர்கள். விற்கப்போகும் இமேஜிலிருந்தே எடுங்கள். பெர்லின் பயிலரங்கில் செய்ததும் ஏறத்தாழ இதுதான். உங்களுக்கு எதிராக இதைச் செய்யப்போகிறவர்கள் செய்வதும் இதுதான்.

```
binwalk -e firmware-1.1.0.bin
cd _firmware-1.1.0.bin.extracted/squashfs-root
strings bin/busybox | grep 'BusyBox v'
find . -name '*.ko' -exec modinfo {} \;
```

முதல் கட்டளை இமேஜைப் பிரிக்கும். மூன்றாவது பிஸிபாக்ஸின் பதிப்பு எண்ணைக் காட்டும். நான்காவதுதான் மிகவும் பயனுள்ளது: ஒவ்வொரு கெர்னல் மாட்யூலுக்கும் `license:` என்ற வரியையும், எந்தக் கெர்னலுக்காக மாட்யூல் கட்டப்பட்டது என்று சொல்லும் `vermagic:` என்ற வரியையும் அது காட்டும். `license:` வரியில் GPL என்று இருந்தால் அதன் மூலநிரல் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும். சப்ளையர் வெறும் `.ko` கோப்பைக் கொடுத்துவிட்டு, உள்ளே ஜிபிஎல் என்று அறிவித்திருப்பது அடிக்கடி நடக்கும். கெர்னலின் சில செயல்கூறுகள் ஜிபிஎல் என்று அறிவித்த மாட்யூல்களுக்கு மட்டுமே திறக்கும். அந்தக் கதவைத் திறக்கவே சிலர் அப்படி எழுதிவிடுகிறார்கள். அதை அப்படியே விற்றால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

`Proprietary` என்று இருந்தால்? மூடிய கெர்னல் மாட்யூல் கெர்னலின் வழிவந்த படைப்பாகி ஜிபிஎல்லின்கீழ் வருமா என்ற கேள்வி இன்னும் தெளிவாகத் தீரவில்லை. கெர்னல் நிரலாளர்களில் பலர் அது மீறல்தான் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். சிப் நிறுவனத்திடம் திறந்த டிரைவர் கேளுங்கள். கிடைக்காவிட்டால் திறந்த டிரைவர் உள்ள வேறு வைஃபை சிப்பை வடிவமைப்புக் கட்டத்திலேயே தேர்ந்தெடுங்கள். போர்டு அச்சான பிறகு இந்த முடிவு பல மடங்கு செலவாகும்.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பெயர், பதிப்பு, உரிமம், 'பதிப்பு 2 மட்டும்' என்பதா 'அல்லது அதற்குப் பிந்தியது' என்பதா, நாம் மாற்றினோமா என்பவை இருக்கட்டும். கெர்னலும் பிஸிபாக்ஸும் பதிப்பு 2 மட்டும். பேஷ் 4.0 முதல் பதிப்பு 3. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது பின்னால் பூட்டிய கருவிகளுக்கு வரும்போது தெரியும்.

நான்காம் படி: சொந்தச் செயலியின் எல்லையை வரைவது

இப்போது எல்லோரும் அஞ்சும் கேள்வி. நம் கண்காணிப்புச் செயலி தனிப் புராசஸாக ஓடி, கெர்னலை வழக்கமான சிஸ்டம் கால்கள் மூலம் மட்டும் அணுகினால், கெர்னலின் ஜிபிஎல் அதைத் தொடாது. இதை ஊகிக்க வேண்டியதில்லை. கெர்னலின் உரிமக் குறிப்பிலேயே, சிஸ்டம் கால்கள் வழியாகக் கெர்னல் சேவைகளைப் பயன்படுத்தும் பயனர் நிரல்கள் வழிவந்த படைப்பாகக் கருதப்படா என்று எழுதியிருக்கிறார்கள். அதே இமேஜில் பிஸிபாக்ஸும் டிஎன்எஸ்மாஸ்க்கும் அருகருகே இருப்பதாலும் சிக்கல் இல்லை. ஒரே ஊடகத்தில் தனித்தனி நிரல்களைச் சேர்த்து வைப்பதை உரிமமே அனுமதிக்கிறது.

சிக்கல் லைப்ரரிகளில் வரும். நிறுவனங்கள் அறியாமல் கால்வைக்கும் இடம் ரீட்லைன். கட்டளை வரியில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வரட்டும் என்று ஒரு பொறியாளர் அதைச் சேர்ப்பார். ரீட்லைன் இருப்பது, மூடிய செயலியோடு இணைக்க இடம்தரும் எல்ஜிபிஎல் உரிமத்தில் அல்ல, ஜிபிஎல்லில். அதோடு இணைத்துக் கட்டிய செயலி முழுவதும் ஜிபிஎல்லின்கீழ் வரும் என்பதே அறக்கட்டளையின் நிலைப்பாடு. மாற்றுவது எளிது: கிட்டத்தட்ட அதே இடைமுகம் உள்ள லிப்எடிட் பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது. செயலி எதனோடெல்லாம் இணைந்திருக்கிறது என்பதை ஒரே கட்டளை காட்டும்:

```
readelf -d pumpapp | grep NEEDED
```

ஸ்டாட்டிக்காக இணைத்தவை இதில் தெரியாது, அவற்றைக் கட்டும் கோப்புகளில்தான் தேட வேண்டும்.

எல்ஜிபிஎல்லில் உள்ள ஜிலிப்சி போன்ற லைப்ரரிகளை டைனமிக்காக இணைப்பதுதான் எளிய வழி. ஸ்டாட்டிக்காக இணைத்தால், லைப்ரரியை மாற்றிய பயனர் செயலியை மீண்டும் இணைத்துக்கொள்ளும்படி உங்கள் செயலியின் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது தர வேண்டும். இன்னொரு நுட்பம் சட்டத் துறையிடம் போய்ச் சேர வேண்டியது. எல்ஜிபிஎல் 2.1இன் 6ஆவது பிரிவு, பயனர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக மாற்றங்கள் செய்யவும், அந்த மாற்றங்களைப் பிழைதிருத்த ரிவர்ஸ் எஞ்ஜினியரிங் செய்யவும் உங்கள் பயனர் ஒப்பந்தம் அனுமதிக்க வேண்டும் என்கிறது. 'எந்த வகையிலும் ரிவர்ஸ் எஞ்ஜினியரிங் கூடாது' என்ற வழக்கமான வரியை நகலெடுத்து ஒட்டியிருந்தால் அங்கேயே முரண்பாடு. 'திறந்தமூல உரிமங்கள் அனுமதிக்கும் அளவைத் தவிர' என்று விலக்குச் சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வெளியீட்டு நாளிலேயே மூலநிரலைத் திரட்டுவது

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மூலநிரலை யாராவது கேட்கும்போது தேடுவது தோல்வியில்தான் முடியும். அதற்குள் கிளை மாறியிருக்கும், பொறியாளர் வேலையை விட்டுப் போயிருப்பார், ஒரு டவுன்லோடு தளம் மூடியிருக்கும். ஃபர்ம்வேரைக் கட்டும் அதே கணினி, அதே வேலையின் தொடர்ச்சியாக மூலநிரல் தொகுப்பையும் கட்ட வேண்டும். தொகுப்பு உருவாகாவிட்டால் வெளியீடு நிற்க வேண்டும்.

பில்ட்ரூட்டில் இதற்குக் கட்டளை இருக்கிறது:

```
make legal-info
```

`output/legal-info` அடைவில் `manifest.csv` என்ற பட்டியல், உரிம உரைகள், ஒவ்வொரு பொதியின் மூலநிரலும் அதற்கிட்ட பேட்சுகளும் வந்து சேரும். பில்ட்ரூட்டுக்குப் பதில் யோக்டோ பயன்படுத்துபவர்களுக்கு `archiver` என்ற வகுப்பு இதே வேலையைச் செய்கிறது.

உங்கள் சொந்தச் செயலியின் பொதியில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்:

```
PUMPAPP_LICENSE = PROPRIETARY
PUMPAPP_REDISTRIBUTE = NO
```

இரண்டாவது வரி இல்லாவிட்டால், செயலியின் மூலநிரலும் தொகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிபிஎல் உங்கள் ரகசியத்தைப் பறிக்கும் என்று பயந்துகொண்டே, ஒரு வரி விடுபட்டதால் நீங்களாகவே அதை வெளியிட்டுவிடுவீர்கள்.

`legal-info` போதுமா என்றால், போதாது. அது உருவாக்கும் `README` கோப்பே எதையெதையெல்லாம் சேர்க்கவில்லை என்று எச்சரிக்கிறது; அந்தக் கோப்பைத் திறந்து படிப்பவர்கள் குறைவு. நான்கு இடைவெளிகளைக் கையால் நிரப்ப வேண்டும்.

முதலாவது, பில்ட்ரூட்டின் சொந்த நிரல், உங்கள் கிளையில் உள்ளபடி. ஜிபிஎல் பதிப்பு 2இன் 3ஆவது பிரிவு மூலநிரல் என்று சொல்லும்போது, தொகுப்பையும் நிறுவலையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே சொல்கிறது. சி கோப்புகளைக் குவித்துக் கொடுத்துவிட்டு 'எப்படிக் கட்டுவது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்' என்றால் கடமை முடியாது.

இரண்டாவது, கெர்னல், யு-பூட், பிஸிபாக்ஸ் ஆகியவற்றின் கான்ஃபிக் கோப்புகளும் உங்கள் போர்டுக்கான டிவைஸ் ட்ரீ கோப்பும். `.dts` கோப்பை எஸ்டிகேயில் இருந்த கெர்னல் மாதிரியிலிருந்து எடுத்து மாற்றியிருப்பீர்கள்; அது வன்பொருள் ரகசியம் என்று நினைத்து நீக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நீக்கினால் கட்டப்படும் கெர்னல் உங்கள் கருவியில் துவங்காது.

மூன்றாவது, வெளியிலிருந்து வந்த டூல்செயின். கம்பைலரையே நீங்கள் தர வேண்டியதில்லை. இயங்குதளத்தோடு வழக்கமாக வரும் கம்பைலர் போன்றவற்றுக்கு உரிமத்தில் விலக்கு உண்டு. ஆனால் அந்த டூல்செயினோடு வந்த ஜிலிப்சி உங்கள் கருவியின் `/lib` அடைவில் நகலாகி உட்கார்ந்திருக்கிறது. அது எல்ஜிபிஎல். அதன் மூலநிரலைப் பில்ட்ரூட் சேர்ப்பதில்லை. சிப் நிறுவனத்தின் டூல்செயின் என்றால் அவர்களிடமே கேட்டுப் பெற வேண்டும். முடியாவிட்டால் டூல்செயினையும் பில்ட்ரூட்டே கட்டும்படி மாற்றிவிடுங்கள், கட்டும் நேரம் கூடினாலும் இந்தத் தலைவலி தீரும்.

நான்காவது, பில்ட்ரூட்டுக்கு வெளியே நடப்பவை. சிப் நிறுவனத்தின் எஸ்டிகேக்களில் யு-பூட்டைத் தனி ஸ்கிரிப்ட் கட்டி, கடைசியில் ஒரு இமேஜ் கருவி எல்லாவற்றையும் ஒட்டும். பில்ட்ரூட்டின் பட்டியலில் யு-பூட் வராது. மூன்றாம் படியில் இமேஜிலிருந்து எடுத்த பட்டியலையும் `manifest.csv` கோப்பையும் வரி வரியாக ஒப்பிட்டால், இப்படி விடுபட்டவை எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஆறாம் படி: வெளியார் கண்ணோடு கட்டிப் பார்ப்பது

தொகுப்பை வெளியிடுவதற்கு முன், கருவியின் வேலையில் ஈடுபடாத ஒரு பொறியாளரிடம் கொடுங்கள். நிறுவனத்தின் கிட் சர்வரைத் தொட முடியாத புதிய கணினி அல்லது கன்டெய்னர், தொகுப்பு, அதிலுள்ள `README`. அவ்வளவுதான் அவரிடம் இருக்க வேண்டும். பொதுவான கட்டும் கருவிகளை முன்கூட்டியே நிறுவிவிட்டு இணையத்தைத் துண்டித்துவிடலாம்:

```
docker run --rm -it --network none \
  -v "$PWD/gpl-1.1.0:/src:ro" build-base bash
```

`build-base` என்பது நீங்கள் முன்பே கட்டிவைத்த இமேஜின் பெயர். `/src` படிக்க மட்டுமே திறந்திருப்பதால், அதை வேறு அடைவுக்கு நகலெடுத்து அங்கே கட்ட வேண்டும். முதல் முறை இது தோற்கும். தோற்பதைக் காண்பதுதான் நோக்கம். உள்ளகச் சர்வரிலிருந்து எதையோ இழுக்க முயன்று நிற்கும், அல்லது ஒரு பொறியாளரின் ஹோம் அடைவுக்கான முழுப் பாதை ஏதோ ஸ்கிரிப்டில் எழுதியிருக்கும். மூடிய செயலியின் பொதி நின்றாலும் மற்றவை கட்டப்படும்படி, அதை அணைத்துவைத்த தனி கான்ஃபிக் கோப்பு ஒன்றைத் தொகுப்பில் சேருங்கள்.

கட்டி முடித்தபின் பைனரி பைட்டுக்கு பைட் ஒத்திருக்க வேண்டும் என்று உரிமம் கேட்கவில்லை. நேரமுத்திரைகளாலேயே அது மாறிவிடும். சரிபார்க்க வேண்டியது இரண்டு. கட்டிய கெர்னலின் பதிப்புச் சரமும், விற்ற இமேஜில் உள்ள மாட்யூல்களின் `vermagic:` வரியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அது வேறு பதிப்பின் மூலநிரல். பிறகு, கட்டியதைக் கருவியில் ஏற்றினால் அது துவங்கி வைஃபை இணைய வேண்டும்.

நம் கேட்வேயில் 1.1.0 பதிப்புக்காகச் சப்ளையர் புதிய வைஃபை டிரைவரை மின்னஞ்சலில் அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். `.ko` கோப்பு இமேஜுக்குள் போய்விட்டது, மூலநிரல் பழைய எஸ்டிகேயில் இருந்தபடியே நின்றுவிட்டது. தொகுப்பு தடையில்லாமல் கட்டப்படும், கருவியும் துவங்கும், வைஃபையும் வேலை செய்யும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் இரண்டு இடத்திலும் `modinfo` கொடுத்துப் பார்த்தால் `version:` வரியோ `srcversion:` வரியோ வேறுபடும். ஃபான்டெக்கின் தவறும் இதே வகைதான். எனவே மாட்யூல்களின் இந்த வரிகளை ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்டை வெளியீட்டுச் சோதனையிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: பெட்டிக்குள் என்ன வைப்பது

ஜிபிஎல் பதிப்பு 2 வணிக விற்பனையாளருக்கு இரண்டு வழிகள் தருகிறது: பைனரியோடு மூலநிரலையும் சேர்த்தே கொடுப்பது, அல்லது மூலநிரல் தருவதாக எழுத்துமூல வாக்குறுதி கொடுப்பது. வாக்குறுதியைத் தேர்ந்தெடுத்தால் அது குறைந்தது 3 ஆண்டுகள் செல்ல வேண்டும். வாங்கியவருக்கு மட்டுமல்ல, கேட்கும் எவருக்கும் பொருந்த வேண்டும். அனுப்பும் செலவுக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. 'வரிசை எண் சொன்னால்தான் தருவோம்', 'பில் நகலை இணையுங்கள்' போன்ற நிபந்தனைகள் இதனாலேயே செல்லாது.

பெட்டியில் வைக்கும் தாளில் இப்படி எழுதலாம்:

> இக்கருவியில் ஜிஎன்யூ பொது உரிமம் முதலிய உரிமங்களின்கீழ் வரும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றின் உரிம உரைகள் இத்துடன் உள்ளன. அவற்றுக்குரிய முழுமையான மூலநிரலை, நாங்கள் இக்கருவியைக் கடைசியாக விநியோகித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் வரை, கேட்கும் எவருக்கும், ஊடகத்துக்கும் அஞ்சலுக்கும் ஆகும் செலவுக்கு மட்டும் அனுப்பித் தருவோம். ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுக.

அதன் கீழே அஞ்சல் முகவரியும் மின்னஞ்சலும். மூலநிரலை இணையத்தில் இலவசமாக வைப்பது நல்லது, பெரும்பாலோர் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பதிப்பு 2இன் கீழ் விற்ற பெட்டிக்கு இணைய முகவரி மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். பைனரியையும் அதே இடத்திலிருந்து டவுன்லோடு செய்பவருக்குத்தான் அந்தச் சலுகை. நெட்வொர்க் சர்வர் வழியாகத் தருவதைப் பெட்டி விற்பனைக்கும் வெளிப்படையாக அனுமதிப்பது பதிப்பு 3. உரிமத்தின் முழு உரையும் கருவியோடு போக வேண்டும். இணைப்பைக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.

வாக்குறுதி காகிதத்தில் அழகாக இருந்து, மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போவது மிகச் சாதாரணம். கேள்வி வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போகும். அங்கிருப்பவர் 'எங்கள் மென்பொருளின் மூலநிரலை வெளியிடுவதில்லை' என்று நல்லெண்ணத்தோடு பதில் எழுதிவிடுவார். அந்த ஒரு வரியே பிறகு உங்களுக்கு எதிரான சான்றாகும். அந்த முகவரிக்குப் பொறுப்பாக ஒரு பொறியாளரின் பெயரை எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வெளியிலிருந்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எட்டாம் படி: பூட்டிய கருவிகள்

பாதுகாப்புக்காக, கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும்படி கருவியைப் பூட்டும் வழக்கம் பெருகிவிட்டது. பதிப்பு 3இல் உள்ள எந்தப் பொதியும் இமேஜில் இருந்து, கருவி வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்கப்படுவதாக இருந்தால், மாற்றிய நிரலை அந்தக் கருவியில் நிறுவத் தேவையான தகவலையும் தர வேண்டும். சாவி தேவைப்பட்டால் சாவியையும். பூட்டும் திட்டம் இருந்தால் பதிப்பு 3 பொதிகளை இமேஜிலிருந்தே விலக்கிவிடுவது பல நிறுவனங்களின் வழி. பேஷுக்குப் பதில் பிஸிபாக்ஸின் ஷெல் போதும். யோக்டோவில் `INCOMPATIBLE_LICENSE` என்ற மாறி இந்தப் பொதிகள் தெரியாமல் நுழைவதைத் தடுக்கிறது.

பதிப்பு 2 சாவியைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் நிறுவலைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளைக் கேட்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பூட்டிய கருவியில் வாடிக்கையாளருக்கு ஏதாவது ஒரு நிறுவும் வழியை, வாரண்டியை இழந்தாவது, விட்டுவைப்பதே பாதுகாப்பான பக்கம் என்று நினைக்கிறேன்.

கடிதம் வந்தால்

பதிப்பு 2இன் 4ஆவது பிரிவின்படி, மீறிய உடனே உங்கள் உரிமம் தானாக முடிந்துவிடுகிறது. அதன் பிறகு விற்கும் ஒவ்வொரு கருவியும் பதிப்புரிமை மீறல். பதிப்பு 3 கொஞ்சம் இளகியது: முதல் முறை அறிவிப்பு வந்து 30 நாட்களுக்குள் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பிவிடும். லினக்ஸ் கெர்னலின் நிரலாளர்கள் பலர் 2017இல் இதே சலுகையைத் தங்கள் நிரலுக்கும் தருவதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் சேராத உரிமையாளர்களுக்கு அது பொருந்தாது.

ஆகவே கடிதம் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்ட பதிப்பு எது, அதன் தொகுப்பு காப்பகத்தில் இருக்கிறதா, கேட்பவர் குறிப்பிட்ட குறை உண்மையா என்று பாருங்கள். தொகுப்பு இருந்தால் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான கடிதங்கள் அதோடு முடிந்துவிடும், ஏனென்றால் கேட்பவர்களுக்கு வேண்டியது நிரல்தான். இல்லாவிட்டால், எப்போது வரும் என்று நாள் சொல்லிப் பதில் எழுதுங்கள். பதில் தருவதை நிறுத்திவிட்டவர்களுக்கு நேர்ந்ததற்கு எடுத்துக்காட்டு, பிஸிபாக்ஸ் வழக்கில் சிக்கிய வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல். 2010இல் அமெரிக்க நீதிமன்றம் 90,000 டாலர் இழப்பீட்டோடு, கையிருப்பில் இருந்த தொலைக்காட்சிகளையும் ஒப்படைக்கச் சொன்னது.

கேட்பவர் நிரலை எழுதியவர் அல்ல, வெறும் வாடிக்கையாளர்தானே என்று ஒதுக்குவதும் இனி எளிதல்ல. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2021இல் கலிஃபோர்னியாவில் விசியோ மீது தொடுத்த வழக்கில், தொலைக்காட்சியை வாங்கிய நுகர்வோராகவே தன்னை முன்னிறுத்தி, ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் மூலநிரலைக் கேட்டது.

காப்பகத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில் ஒரு கணக்குப் பிழை வழக்கமாக நடக்கிறது. 3 ஆண்டுகளை ஃபர்ம்வேர் வெளியான நாளிலிருந்து எண்ணக் கூடாது. அந்த ஃபர்ம்வேர் உள்ள கடைசிக் கருவி உங்கள் கையைவிட்டுப் போன நாளிலிருந்து எண்ண வேண்டும். வாரண்டிக்காக மாற்றிக் கொடுத்த கருவியும் விநியோகம்தான். கேட்வேயின் விற்பனையை நிறுத்தி ஓராண்டு கழித்து, கிடங்கில் இருந்த 1.0.0 பதிப்புக் கருவி ஒன்றை மாற்றாக அனுப்பினால், 1.0.0 தொகுப்பின் கடிகாரம் அன்று மீண்டும் தொடங்குகிறது. பதிப்பு 3 பொதிகள் இருந்தால், அந்த மாடலுக்கு உதிரிபாகமோ வாடிக்கையாளர் சேவையோ தரும் காலம் முழுவதும் வாக்குறுதி செல்லும். கிடங்கிலிருந்து எந்த ஃபர்ம்வேர் பதிப்பு எந்த நாளில் வெளியே போகிறது என்ற பதிவு, காப்பகத்துக்குப் பொறுப்பான பொறியாளருக்கும் போய்ச் சேர வேண்டும்.